அக்ரிமெண்ட் போட்டா நிலம் வாங்கினதா ஆகாதுங்க

"அக்ரிமெண்ட் போட்டாச்சுங்க, இனி அது நம்ம இடம்." எங்க பக்கம் காடு வாங்க வர்ற டவுன்காரங்க வாயில இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். அட்வான்ஸ் கொடுத்த மறுவாரமே கல்லுக்கால் நட ஆள் பேசுறாங்க, தென்னங்கன்னுக்கு விலை விசாரிக்கிறாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே ஆளுங்க முகம் வாடி டீக்கடையில உட்கார்ந்திருப்பாங்க. "ஓனர் கிரயம் பண்ண வரமாட்டேங்கிறாருங்க, இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்கிறாரு"ன்னு சொல்லுவாங்க.

இழுக்கிறவர் மேல தப்பு இருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல என் கருத்து கொஞ்சம் வேற. விக்கிறவர் இழுக்கும்போது வாங்கறவர் என்ன செஞ்சார்ங்கிறதைத்தான் கடைசியில கோர்ட்டு பார்க்குது. "பெரிய மனுசன், வாக்கு கொடுத்திருக்கார், பொறுத்துப் பார்ப்போம்"னு நல்ல மனசோட சும்மா இருந்தவங்கதான் அதிகமா ஏமாந்து போறாங்க. அதனால இழுத்தடிப்பு ஆரம்பிச்ச முதல் மாசத்துலயே காகிதத்துல பேசணும். அது மரியாதைக்குறைவு கிடையாது. ஏன் இப்படிச் சொல்றேன்னு கீழே எழுதுறேன்.

முதல்ல இந்த ரெண்டு காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். கிரயப் பத்திரம்னா நிலம் கை மாறிடுச்சுன்னு அர்த்தம். அக்ரிமெண்ட், அதாவது கிரய ஒப்பந்தம்னா, இன்ன விலைக்கு இன்ன தேதிக்குள்ள கிரயம் பண்ணிக் கொடுக்கிறேன்னு ஒரு வாக்கு, அவ்வளவுதான். 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டம் 54வது பிரிவுல இது தெளிவா இருக்கு. நூறு ரூபாய்க்கு மேல மதிப்புள்ள நிலம் பதிவு செஞ்ச பத்திரம் மூலமாத்தான் கை மாறும். விற்பனை ஒப்பந்தம் தன்னால அந்த நிலத்துல எந்த உரிமையையும் உண்டாக்காது. நீங்க விலையில முக்கால்வாசி கொடுத்திருந்தாலும் சரி, முழுசும் கொடுத்திருந்தாலும் சரி, பத்திரம் பதிவாகாத வரைக்கும் நிலம் அவரோடதுதான். உங்க கையில இருக்கிறது "வாக்கை நிறைவேத்து"ன்னு கேட்கிற உரிமை மட்டும். அந்த உரிமைக்குக் காலக்கெடு இருக்கு, நிபந்தனையும் இருக்கு. அங்கதான் ஆளுங்க தடுக்கி விழறாங்க.

பவர் வாங்கி வச்சுக்கிட்டா போதும்னு சில புரோக்கருங்க சொல்லுவாங்க. அக்ரிமெண்டும் பவரும் சேர்ந்தாலும் அது கிரயம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011லயே சொல்லிடுச்சு. அந்தப் பேச்சை அங்கயே விட்டுடலாம்.

அக்ரிமெண்டைப் பதிவு பண்ணணுமான்னு அடுத்து கேட்பாங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் 1ல இருந்து நிலம் விற்கிற ஒப்பந்தத்தைப் பதிவு பண்றது கட்டாயம். பண்ணலைன்னா அது வெறும் குப்பையா? அப்படியும் இல்லை. நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுல 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொன்னது, கிரயம் பண்ணிக் கொடுக்கச் சொல்லிப் போடுற வழக்குல பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமா ஏத்துக்கலாம்னு. அதனால இருபது ரூபா பத்திரத்துல எழுதி வச்சிருக்கிறவங்க உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம்.

ஆனா புதுசா போடறவங்க பதிவு பண்ணியே ஆகணும்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் வில்லங்கச் சான்று. பதிவு பண்ணின ஒப்பந்தம் ஈ.சி.யில ஏறிடும். அதுக்கு அப்புறம் விக்கிறவர் கூடுதல் விலைக்கு வேற ஆளைப் பிடிச்சாலும், அந்த ஆள் ஈ.சி. போட்டுப் பார்த்தா உங்க பேர் அங்க நிக்கும். "எனக்குத் தெரியாது, நான் நல்லெண்ணத்துல வாங்கினேன்"னு அவர் சொல்லித் தப்பிக்க முடியாது. பதிவாகாத ஒப்பந்தம்னா, அது இருக்கிறதே தெரியாம பணம் கொடுத்து வாங்கின மூணாவது ஆள்கிட்ட இருந்து நிலத்தைத் திருப்ப முடியாது. அப்புறம் நீங்க உங்க பணத்துக்கு மட்டும்தான் அலைய முடியும். இடத்தை உங்க வசம் ஒப்படைக்காத ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகையில நூத்துக்கு ஒரு ரூபா. மூணு லட்சம் அட்வான்ஸ்னா மூவாயிரம். இதை மிச்சம் பிடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும்.

இனி இழுத்தடிப்புக்கு வருவோம். நானும் விக்கிறவங்க பக்கத்து ஆளுதான், அதனால நியாயமாச் சொல்லணும். எல்லா தாமதமும் ஏமாத்து கிடையாது. அப்பா பேர்ல இருக்கிற பட்டா இன்னும் மாறாம இருக்கும். கூட்டுப் பட்டாவுல நாலு பேர் இருப்பாங்க, உட்பிரிவு பண்ண சர்வேயர் வரணும். சொசைட்டியில பயிர்க்கடன் நிலுவை இருக்கும். கட்டிக் கொடுத்த அக்கா தங்கச்சி கையெழுத்துப் போடணும், ஒருத்தர் பெங்களூர்ல இருப்பாங்க. இதெல்லாம் நிஜமாவே மாசக்கணக்குல இழுக்கிற வேலை.

நிஜக் காரணத்தையும் சாக்கையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. நிஜக் காரணத்துக்குக் காகிதம் இருக்கும். உட்பிரிவுக்கு மனு கொடுத்திருந்தா மனு எண் இருக்கும், சலானும் இருக்கும். கடன்னா சொசைட்டியில பாக்கி எவ்வளவுன்னு எழுதி வாங்கலாம். சாக்குக்குக் காகிதம் இருக்காது, அதோட மாசாமாசம் மாறிட்டே இருக்கும். முதல்ல பட்டா, அப்புறம் தங்கச்சி, அப்புறம் ஆடி மாசம், அப்புறம் "பொங்கல் முடியட்டும்." இப்படிக் காரணம் மாறுதுன்னா ஊருக்குள்ள நில விலை மாறிடுச்சுன்னு புரிஞ்சுக்கோங்க.

எங்க ஊர்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன், பேர் எதுவும் வேண்டாம். ஒரு ஏக்கர் 40 சென்ட் புஞ்சை, கிணத்துல பாகத்தோட. ஏக்கர் 12 லட்சம்னு பேசி மொத்தம் 16 லட்சத்து 80 ஆயிரம். வாங்கினவர் கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி. 2024 பிப்ரவரி 12ந் தேதி அக்ரிமெண்ட், கெடு ஆறு மாசம், ஆகஸ்ட் 12 வரைக்கும். அட்வான்ஸ் 3 லட்சத்தை பேங்க் மூலமாவே கொடுத்தார். பதிவும் பண்ணிட்டார்.

அந்தத் தம்பி முதல் நாளே ஒரு காரியம் சரியாச் செஞ்சார். அது அப்பா வழிச் சொத்து, விக்கிறவருக்கு ரெண்டு தங்கச்சிங்க உண்டு. அவங்களையும் அக்ரிமெண்ட்லயே கையெழுத்துப் போட வச்சுட்டார். நிறைய பேர் "கிரயத்தன்னைக்கு அவங்களைக் கூட்டிட்டு வர்றேன்"னு அண்ணன் சொல்றதை நம்பிடுறாங்க. கையெழுத்துப் போடாத பங்காளியைக் கோர்ட்டு வழியா இழுக்க முடியாது, அவங்க எந்த வாக்கும் கொடுக்கலையே. கையெழுத்துப் போட்டவரோட பங்கு மட்டும்தான் உங்களுக்குச் சிக்கும். அதுக்கப்புறம் தங்கச்சிங்களோட பாகப்பிரிவினை வழக்குல நீங்க நிக்கணும்.

ஏப்ரல் வாக்குல பைபாஸ் ரோட்டுக்கு அளவு எடுக்கிறாங்கன்னு பேச்சு வந்துச்சு. ஏக்கர் 12 லட்சம் இருந்த இடம் 18 லட்சம்னு கைமாற ஆரம்பிச்சுது. விக்கிறவர் பேச்சும் மாறிடுச்சு. "தனிப் பட்டா வரட்டும் தம்பி"ன்னார். மனு போட்டீங்களான்னு கேட்டா பதில் இல்லை. ஜூன்ல "ஆடி வருதே, ஆவணியில பார்த்துக்கலாம்"னு சொன்னார்.

இங்க ஒரு கணக்கு கவனிங்க. கெடு ஆகஸ்ட் 12ல முடியுது, அதாவது ஆடி முடியுறதுக்கு முன்னாடி. ஆடியில எங்க பக்கம் பத்திரம் பண்ணமாட்டாங்க. ஆவணின்னு ஒத்துக்கிட்டா கெடு தாண்டிடும். அப்புறம் "கெடுவுக்குள்ள நீதான் பாக்கிப் பணம் கொண்டு வரலை"ன்னு கதையைத் திருப்பிடலாம். தம்பி ஒரு வக்கீலைப் பார்த்தார். ஜூன் 24ந் தேதி மூணு பேருக்கும், அதாவது அண்ணனுக்கும் ரெண்டு தங்கச்சிங்களுக்கும், ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல நோட்டீஸ் போச்சு. அதுல பெரிய மிரட்டல் எல்லாம் இல்லைங்க. பாக்கி 13 லட்சத்து 80 ஆயிரம் தயாரா இருக்கு, பத்திரச் செலவும் தயார், ஜூலை 10ந் தேதி காலையில 11 மணிக்கு சார்பதிவாளர் ஆபீசுக்கு மூலப் பத்திரத்தோட வாங்க, தடை ஏதாவது இருந்தா எழுத்துல சொல்லுங்கன்னு மட்டும் இருந்துச்சு. ஜூலை 10ங்கிறது ஆடி பிறக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி.

அன்னைக்கு அவங்க வரலை. இவர் போனார். பத்திர நகல் தயார் பண்ணி ஆன்லைன்ல ஏத்தி டோக்கன் போட்டிருந்தார், அந்தக் காகிதம் இருந்துச்சு. அதே ஆபீஸ்ல அன்னைக்கு ஈ.சி.க்கு ஒரு மனு கொடுத்து ரசீதும் வாங்கிக்கிட்டார், தேதியோட. சாயங்காலம் "காத்திருந்தேன், நீங்க வரலை"ன்னு இன்னொரு கடிதம் போட்டார். அவர் பேங்க் கணக்குல என்ன இருந்துச்சுன்னு பாருங்க. பாக்கி 13,80,000. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 16,80,000க்கு 1,51,200. ஆக 15,31,200 வேணும். அந்தத் தொகைக்கு மேலயே கணக்குல இருந்துச்சு. நோட்டீஸ் போட்ட நாள்லயும் இருந்துச்சு, ஜூலை 10லயும் இருந்துச்சு.

இதைத்தான் கோர்ட்டுல "தயாராகவும் விருப்பமாகவும்" இருக்கிறதுன்னு சொல்றாங்க. தயார்ங்கிறது பணம். விருப்பம்ங்கிறது நடந்துக்கிட்ட விதம். 1963ம் வருச குறித்தவகை நிவாரணச் சட்டம், வக்கீலுங்க ஸ்பெசிபிக் ரிலீப் ஆக்ட்னு சொல்றது, அதோட 16வது பிரிவு வாங்கறவர் இந்த ரெண்டையும் நிரூபிக்கணும்னு கேட்குது. 2018ல இந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. அதுக்கு முன்னாடி கிரயம் பண்ணிக் கொடுக்கச் சொல்றதா வேண்டாமான்னு நீதிபதி தன் விருப்பப்படி முடிவு பண்ணலாம். இப்ப அந்த விருப்பம் இல்லை, சட்டப்படியான நிபந்தனை எல்லாம் சரியா இருந்தா கொடுத்தே ஆகணும். வாங்கறவங்களுக்கு நல்ல மாற்றம்தான். ஆனா தயாரா இருந்தேன்னு நிரூபிக்கிற பாரம் மட்டும் அப்படியே நம்ம தலையிலதான் இருக்கு.

நிரூபிக்கலைன்னா என்ன ஆகும்? மதுரையில ஒரு வீட்டு வழக்கு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1997ல முடிஞ்சது. 1978 டிசம்பர்ல ஒப்பந்தம். விலை 60 ஆயிரம், அட்வான்ஸ் 5 ஆயிரம், கெடு ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துக்குள்ள வாங்கறவர் முத்திரைத்தாள் வாங்கி, பாக்கிப் பணத்தைக் கொடுக்கணும்னு ஒப்பந்தம். அவர் ரெண்டரை வருசம் எழுத்துல ஒண்ணும் கேட்கலை. முத்திரைத்தாளும் வாங்கலை. 1981லதான் நோட்டீஸ் விட்டார், வழக்கும் போட்டார். வழக்கு போடுறதுக்கான மூணு வருசக் கெடு தாண்டலை. ஆனாலும் அதுக்குள்ள மதுரையில வீட்டு விலை ஏறிப்போச்சு. இத்தனை நாள் சும்மா இருந்துட்டு, விலை ஏறின பிறகு பழைய விலைக்குக் கேட்கிறது நியாயமில்லைன்னு கிரயம் மறுத்துட்டாங்க. நிலம் சம்பந்தமான ஒப்பந்தத்துல கெடு அவ்வளவு கறாரா பார்க்கமாட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு, அதை நம்பித்தான் அவர் இருந்திருப்பார் போல. சட்டம் அதுக்கப்புறம் மாறியிருக்கு. ஆனா ரெண்டரை வருச மௌனத்தை "தயாரா இருந்தேன்"னு இன்னைக்கும் யாராலயும் காட்ட முடியாது.

அந்த மூணு வருசக் கணக்கையும் சொல்லிடறேன். ஒப்பந்தத்துல தேதி போட்டிருந்தா, அந்தத் தேதியில இருந்து மூணு வருசம். எங்க ஊர் தம்பிக்கு 2024 ஆகஸ்ட் 12ல இருந்து 2027 ஆகஸ்ட் வரைக்கும். ஒப்பந்தம் எழுதின நாள்ல இருந்து எண்ணுறதில்லை. தேதியே போடலைன்னா, அவர் மறுக்கிறார்னு உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருசம். வாய்ப்பேச்சுல "ஒரு வருசம் தள்ளி வச்சுக்கலாம்"னு சொன்னதை நம்பி இருந்தீங்கன்னா, அதை நிரூபிக்கிறதுக்கு நீங்கதான் படாதபாடு படணும். நிஜமாவே உட்பிரிவு வேலை நடக்குது, கெடு நீட்டிக்கணும்னா நீட்டிங்க, நானே அப்படித்தான் சொல்லுவேன். ஆனா புதுத் தேதி போட்டு, முதல் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட எல்லாரும் போட்டு, அதையும் பதிவு பண்ணிடுங்க. நடுவுல "கொஞ்சம் கைச்செலவுக்கு"ன்னு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கேட்பாங்க. கொடுக்கலாம், பேங்க் வழியா கொடுத்து, அட்வான்ஸ்ல சேர்த்த தொகைன்னு எழுதி வாங்கிக்கோங்க.

தம்பி அந்த வருசம் செப்டம்பர்லயே வழக்கு போட்டார். கிரயம் பண்ணிக் கொடுக்கச் சொல்லிப் போடுற இந்த வழக்குக்கு ஒப்பந்த விலை முழுசுக்கும் கோர்ட்டு ஸ்டாம்பு கட்டணும், நூத்துக்கு மூணு ரூபா. 16,80,000க்கு 50,400. வக்கீல் பீஸ் தனி. மனுவுல மூணு விஷயம் கேட்டார். ஒண்ணு, பாக்கியை வாங்கிக்கிட்டு கிரயம் பண்ணி இடத்தை ஒப்படைக்கணும். ரெண்டாவது, அது எதனாலயாவது முடியலைன்னா அட்வான்ஸை வட்டியோட திருப்பணும். மூணாவது, வழக்கு முடியுற வரைக்கும் வேற யாருக்கும் விக்கக்கூடாதுன்னு தடை. ரெண்டாவதை சில பேர் கேட்காம விட்டுடுவாங்க. மனுவுல கேட்காத அட்வான்ஸைக் கோர்ட்டு தானா எடுத்துக் கொடுக்காது, அப்படித்தான் சட்டம் இருக்கு. மனுவைத் திருத்திக் கேட்க வழி உண்டு, ஆனா எதுக்கு அந்த அலைச்சல்?

ஜெயிச்ச பிறகும் விக்கிறவர் கையெழுத்துப் போட வரலைன்னா என்ன பண்றதுன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. அதுக்கு வழி இருக்கு. தீர்ப்பை நிறைவேத்தச் சொல்லி மனு போட்டா, அவருக்குப் பதிலா கோர்ட்டே பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். அவர் வந்துதான் ஆகணும்னு இல்லை. ஆனா உங்க பக்கம் ஒரு கடமை இருக்கு. பாக்கித் தொகையை இன்ன நாளுக்குள்ள கட்டுன்னு தீர்ப்புல சொல்லியிருந்தா அந்த நாளுக்குள்ள கட்டிடணும். அசந்தீங்கன்னா ஒப்பந்தத்தையே ரத்து பண்ணச் சொல்லி அவர் மனு போடலாம். இத்தனை வருசம் தயார் தயார்னு சொன்ன ஆள் கடைசியில பணம் கட்டத் தவறினா எப்படி இருக்கும்? அதனால வழக்கு நடக்கிற காலத்துலயும் அந்தப் பணத்தை வேற இடத்துல போட்டுச் சிக்க வைக்காதீங்க.

எங்க ஊர் வழக்கு அந்த அளவுக்குப் போகலை. விக்கிறவர் ரெண்டு மூணு பார்ட்டியைக் கூட்டிட்டு வந்து காட்டிப் பார்த்தார். வந்தவங்க ஈ.சி. போட்டதும் அக்ரிமெண்ட் தெரிஞ்சுது, வழக்கு இருக்கிறதும் தெரிஞ்சுது, திரும்பிப் போயிட்டாங்க. விக்கவும் முடியாம, வச்சுக்கவும் முடியாம, தங்கச்சிங்க பங்குப் பணம் கேட்டு நச்சரிக்க, கடைசியில அவரே பேச வந்தார். லோக் அதாலத்துல முடிச்சாங்க. ரோடு வந்த லாபத்துல கொஞ்சமாவது வேணும்னு அவர் கேட்க, தம்பி ஒரு லட்சம் கூடக் கொடுத்தார். அடுத்த தை மாசம் கிரயம் ஆச்சு. லோக் அதாலத்துல முடிஞ்சதால கட்டின கோர்ட்டு ஸ்டாம்பு பணமும் திரும்ப வந்துச்சு. சட்டப்படி அந்த ஒரு லட்சம் கொடுக்கணும்னு அவசியமே இல்லை. ஆனா நாளைக்கு அதே கிணத்துல முறை வச்சுத் தண்ணி எடுக்கணும், அதே வழித்தடத்துல நடக்கணும். அவர் செஞ்சது சரின்னுதான் எனக்குத் தோணுது. கையில பலமான காகிதம் இருந்ததாலதான் அவரால அப்படிப் பெருந்தன்மையா இருக்கவும் முடிஞ்சுது.

வழக்கு போட எல்லாருக்கும் தெம்பு இருக்காது, அது எனக்கும் தெரியும். வருசக்கணக்குல ஆகலாம், பாக்கிப் பணம் அத்தனை நாளும் தூங்கணும். உங்களுக்கு அந்த இடமே வேணும்னு இல்லைன்னா, அட்வான்ஸை வட்டியோட திருப்பிக் கேட்டு வெளியே வர்றதும் ஒரு வழிதான். இதுல உங்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கு. நீங்க கொடுத்த அட்வான்ஸுக்கு அந்த நிலமே ஈடு மாதிரி நிக்கும், சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவு அப்படிச் சொல்லுது. பின்வாங்கினது நீங்களா இருந்தா இது கிடைக்காது. இங்கயும் உங்க நோட்டீஸும் தேதியும்தான் பேசும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மிரட்டி வாங்கிடலாம்னு சில பேர் யோசனை சொல்லுவாங்க. வெறும் தாமதம் சிவில் விவகாரம், ஸ்டேஷன்ல கிரயம் பண்ணி வைக்க முடியாது. அங்க அலையுற நேரத்துல மூணு வருசக் கெடுவுல ரெண்டு மாசம் கரைஞ்சிடும்.

இன்னொரு வகைத் தாமதமும் இருக்கு. அதுக்கு வழி வேற, கெடுவும் ரொம்பக் குறைச்சல். சில சமயம் விக்கிறவர் கிரயப் பத்திரத்துலயே கையெழுத்துப் போட்டிருப்பார், பணமும் முழுசா வாங்கியிருப்பார், ஆனா சார்பதிவாளர் ஆபீசுக்கு வராம இழுப்பார். இது அக்ரிமெண்ட் விவகாரம் இல்லைங்க, பத்திரம் ஏற்கெனவே எழுதியாச்சு. கையெழுத்தான நாள்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள அந்தப் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் பண்ணணும். வாங்கறவரே போய்த் தாக்கல் பண்ணலாம், அவரை வரவழைக்கச் சம்மன் அனுப்பவும் கேட்கலாம். அவர் வந்து "நான் எழுதிக் கொடுக்கலை"ன்னு மறுத்தா சார்பதிவாளர் பதிவு பண்ண மறுப்பார். அந்த மறுப்பு ஆணையில இருந்து முப்பது நாளுக்குள்ள மாவட்டப் பதிவாளர்கிட்ட மனு போடணும், அவர் விசாரிப்பார். அவரும் மறுத்தா அடுத்த முப்பது நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போகலாம். அக்ரிமெண்டுக்கு மூணு வருசம்னு கேள்விப்பட்டு, இதுக்கும் அப்படித்தான்னு நினைச்சு வீட்டுல பத்திரத்தைப் பூட்டி வச்சிருந்தா அவ்வளவுதான், நாலு மாசம் ஓடிடும்.

இதை எழுதினா எங்க ஊர்லயே சில பேருக்குக் கோபம் வரும்னு தெரியும். "டவுன்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறியா"ன்னு கேட்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. விலை ஏறினா வாக்கு மாறலாம்னு ஆயிட்டா, நாளைக்கு அவசரத்துக்கு அரை ஏக்கர் விக்கப் போற எங்க ஆளை நம்பி யார் அட்வான்ஸ் கொடுப்பாங்க? இன்னொரு பக்கம், ஐம்பதாயிரம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுட்டு, அதைக் கையில வச்சுக்கிட்டு வேற பார்ட்டி தேடி அலையுற ஆளுங்களும் டவுன்ல இருந்துதான் வர்றாங்க. பாக்கிப் பணம் இல்லாம விவசாயியோட நிலத்தை ரெண்டு வருசம் கட்டிப் போடுறவங்க அவங்க. வாங்கறவர் தயாரா இருந்தாரான்னு சட்டம் கேட்கிற அந்தக் கேள்விதான் எங்களை அவங்ககிட்ட இருந்து காப்பாத்துது. அந்த நிபந்தனை இருக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்.

அக்ரிமெண்ட் இப்ப கையில இருக்கிறவங்க இன்னைக்கே எடுத்துக் கெடு தேதியைப் பாருங்க. அதுக்கு நாற்பது நாள் முன்னாடி ஒரு நாளைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. நடுவுல ஆடியோ மார்கழியோ வந்தா இன்னும் முன்னாடி போடுங்க. அந்த நாள் வரைக்கும் அண்ணன் தம்பியா பேசிக்கலாம். அந்த நாள்லயும் அவர் பத்திரத் தேதி சொல்லலைன்னா, காபி குடிச்சு முடிச்சுட்டு, தபால் ஆபீசுக்குக் கிளம்புங்க.